ஒரு எழுத்து விட்டுப்போனதால மூண்டு மாசம் என்ர மெயில் எல்லாம் வேற ஒராளுக்குப் போனது

இதை எழுதிறதுக்கு எனக்கு முதல்ல வெக்கமாத்தான் இருந்தது. ஆனா எனக்கு இது நடக்கேக்க தமிழில ஒருத்தரும் இதைப் பற்றி எழுதி வைக்கேல்லையே எண்டு இரவிரவாத் தேடித் திரிஞ்சனான், அதால எழுதிறன். நான் புதுக்குடியிருப்பில இருக்கிறன். கலியாணக் கார்ட், சாமத்தியக் கார்ட், கடைகளுக்கு லோகோ எண்டு வீட்டில இருந்து டிசைன் செய்து குடுக்கிறனான். இங்க ஒரு கார்ட்டுக்கு ரெண்டாயிரம் கேட்டாலே யோசிப்பினம், வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் டொலரில தருவினம் எண்டு கேள்விப்பட்டு, இந்த வருசம் தை மாசம் வெளிநாட்டு வேலை எடுக்கிற வெப்சைட் ஒண்டில எக்கவுண்ட் திறந்தன். பேரைச் சொல்லேல்ல, ஏனெண்டா பிழை முதல்ல என்ர பக்கம், அதோட இது எந்த சைட்டிலயும் நடக்கும்.

மச்சாளின்ர லப்டொப்பைக் கடனா வாங்கி, பிள்ளை நித்திரையான பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு இருந்து பதிஞ்சன். ஈமெயில் கேட்டுது, அடிச்சன், ஒருக்காத்தான் கேட்டுது, திருப்பி அடிக்கச் சொல்லேல்ல. பாஸ்வேர்ட் போட்டன், உள்ள போயிட்டுது. மேல மஞ்சள் நிறத்தில ஒரு பட்டி, உங்கட ஈமெயிலை உறுதிப்படுத்துங்கோ, மெயில் அனுப்பியிருக்கிறம் எண்டு. என்ர ஜிமெயிலைத் திறந்து பாத்தன், ஒண்டும் வரேல்ல. சிக்னல் சரியில்லாத இடம் எண்டபடியா காலமை வரும் எண்டு படுத்திட்டன். காலமையும் வரேல்ல. ஆனா மஞ்சள் பட்டி கிடந்தாலும் சைட் வேலை செய்ய விட்டுது, ப்ரொபைல் போட விட்டுது, ஓடர் எடுக்கவும் விட்டுது. அதால நானும் அதை விட்டிட்டன். ஒரு கிழமைக்குப் பிறகு பாத்தா அந்த மஞ்சள் பட்டி தன்ர பாட்டில காணாமப் போயிருந்துது. நான் நினைச்சன் அவை சரி பண்ணிவிட்டினம் எண்டு. சந்தோசப்பட்டன் வேற.

இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு சொல்லவேணும், ஏனெண்டா முழுக் கதையும் இதுக்குள்ளதான் கிடக்கு. அந்த மெயிலில வாற லிங்கை ஆரும் அமத்தினாத்தான் மஞ்சள் பட்டி போகும். நான் அமத்தேல்ல. அப்ப வேற ஆரோ அமத்தியிருக்கினம். நீங்கள் ஒண்டும் செய்யாம உங்கட ஈமெயில் வெரிபைட் எண்டு காட்டினா அது நல்ல செய்தி இல்லை, உங்கட மெயில் வேற ஒராளிட்டப் போகுது எண்டதுக்கு அதுதான் முதல் அடையாளம். அந்த நேரம் இது எனக்கு விளங்கியிருந்தா அதுக்குப் பிறகு நடந்த எதுவும் நடந்திராது.

ரெண்டாவது அடையாளமும் வந்தது, அதையும் விட்டிட்டன். மாசியில ஒருநாள் போனில அந்த சைட்டுக்குப் போய் லொகின் பண்ணப் பாத்தன். ஈமெயில் அல்லது பாஸ்வேர்ட் பிழை எண்டுது. பாஸ்வேர்டைத்தான் மறந்திட்டன் எண்டு நினைச்சு மறந்துவிட்டேன் எண்டதை அமத்தினா, இந்த ஈமெயிலில எக்கவுண்ட் இருந்தால் லிங்க் அனுப்பியிருக்கிறம் எண்டு காட்டிச்சுது. லிங்க் வரவே இல்லை. அந்த வசனத்தை இப்ப ஆறுதலா வாசிச்சுப் பாருங்கோ, இருந்தால் எண்டுதான் கிடக்கு. இல்லாட்டிலும் அதே வசனம்தான் வரும். ஆருக்கு எக்கவுண்ட் இருக்கு, ஆருக்கு இல்லை எண்டு வெளியாக்கள் சோதிச்சுப் பிடிக்கக்கூடாது எண்டதுக்காக சைட்டுகள் வேணுமெண்டே இப்பிடி மூடிச் சொல்லுறவை. நான் போனில என்ர சரியான ஈமெயிலை அடிச்சிருக்கிறன், அந்த ஈமெயிலில அங்க எக்கவுண்டே இல்லை. லப்டொப்பில மட்டும் பிழையான ஈமெயிலும் பாஸ்வேர்டும் சேவ் ஆகி இருந்ததால தானா உள்ள போய்க்கொண்டிருந்துது. போன் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டு லப்டொப்பிலயே வேலையைப் பாத்தன்.

பங்குனி முடியேக்க எக்கவுண்டில 214 டொலர் சேந்திட்டுது. எனக்கு அது பெரிய காசு. வருசப் பிறப்புக்கு முதல் எடுத்து அம்மாவின்ர கண் ஒப்பரேசனுக்கு வைக்கவேணும் எண்டு கணக்குப் போட்டு வச்சிருந்தன். எடுக்கிறதுக்கு அமத்தினா, ஈமெயிலுக்கு ஆறு இலக்கக் கோட் அனுப்பியிருக்கிறம், அடியுங்கோ எண்டுது. கோட் வரேல்ல. ஸ்பாமில இல்லை, ப்ரொமோசனில இல்லை. ஜிமெயிலின்ர தேடுற இடத்தில in:anywhere எண்டு போட்டு சைட்டின்ர பேரையும் போட்டா ஸ்பாம், குப்பை எல்லாத்தையும் சேத்துத் தேடும், அப்பிடித் தேடினன். மூண்டு மாசத்தில அந்த சைட்டிட்ட இருந்து ஒரு மெயில்கூட எனக்கு வந்திருக்கேல்ல. ஒரு கோட் மட்டும் வராட்டி நெட்வேர்க் பிரச்சினையா இருக்கலாம். முதல் நாளில இருந்து ஒண்டுமே வராட்டி முகவரிதான் பிழை. எனக்கு அது உறைக்கேல்ல. திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்பு எண்டு பதினொரு தரம் அமத்தினன். கடைசியில 24 மணித்தியாலம் பூட்டிப்போட்டாங்கள். அந்தப் பதினொரு கோட்டும் முன்பின் தெரியாத ஒராளின்ர போனில டிங் டிங் எண்டு விழுந்திருக்கு.

சிநேகிதி ஒருத்தி லொக் அவுட் பண்ணி உள்ள வா, சரிவரும் எண்டு சொன்னாள். நான் அமத்தவும் போனன், அந்த நேரம் பிள்ளை விழுந்து அழ எழும்பிப் போனதால தப்பினது. உண்மையாச் சொல்லுறன், அதுதான் எனக்கு நடந்த ஒரேயொரு நல்ல காரியம். இப்பிடி ஒரு பிரச்சினை எண்டு சந்தேகம் வந்தா லொக் அவுட் பண்ணவே கூடாது, பிரவுசரில கிளியர் டேட்டா அமத்தக்கூடாது. அந்தத் திறந்து கிடக்கிற பக்கம்தான் அந்த எக்கவுண்ட் உங்கட எண்டதுக்கு உங்கட கையில மிச்சமிருக்கிற ஒரே திறப்பு. வெளிய வந்து திருப்பிப் போகேக்க புது இடம் எண்டு சைட் சந்தேகப்பட்டு ஈமெயிலுக்குக் கோட் அனுப்பினா, அதுவும் அந்த மற்ற ஆளிட்டத்தான் போகும்.

அடுத்தநாள் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போனன். விசுவமடு, தர்மபுரம், பரந்தன் எண்டு போற வழி முழுக்க லப்டொப் பையை மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சபடிதான் இருந்தன். அங்க எங்கட சொந்தத்தில ஒரு அண்ணை கொம்பியூட்டர் திருத்திறவர். அவர் ஒண்டையும் தொடேல்ல, செட்டிங்ஸுக்குப் போய் அதில பதிஞ்சு கிடந்த ஈமெயிலைக் காட்டி, "பிள்ளை, இதைக் கடைசியில இருந்து முன்னுக்கு ஒவ்வொரு எழுத்தா வாசியும்" எண்டார். நான் அதை அதுக்கு முதல் எத்தினையோ தரம் பாத்திட்டன், சரியாத்தான் இருந்தது எனக்கு. பின்னால இருந்து வாசிச்சுக்கொண்டு வரேக்கதான் நாக்கு தடக்குப்பட்டுது. என்ர பேரை இங்கிலீசில எழுதேக்க th ரெண்டு இடத்தில வரும். ரெண்டாவதில h இல்லை. வெறும் t. அவ்வளவுதான்.

எங்கட சனத்துக்கு இந்தப் பிழை வாறது லேசு. ஒரே தமிழ்ப் பேரை ஒராள் th போட்டு எழுதுவார், இன்னொராள் t போட்டு எழுதுவார், ஒராள் sh, மற்றவர் s. வேற ஆக்களுக்கு ஒரு எழுத்து விடுபட்டா அப்பிடியொரு முகவரியே இல்லாமப் போகவும் கூடும், எங்களுக்கு விடுபட்டா அந்த எழுத்துக்கூட்டலில இன்னொரு தமிழ்ப் பிள்ளை அனேகமா இருக்கும். புள்ளி பிழைச்சிருந்தா ஜிமெயிலில பிரச்சினையில்லை, பேருக்கு நடுவில புள்ளி வைச்சாலும் வைக்காட்டிலும் ஜிமெயிலுக்கு அது ஒரே முகவரிதான். எழுத்து மாறினா ஆளே மாறிப்போகும்.

அண்ணை அடுத்ததா என்ர ஜிமெயிலில இருந்து அந்தப் பிழையான முகவரிக்கு ஒரு சின்ன மெயில் அனுப்பிப் பாத்தார். இது எல்லாரும் செய்யவேண்டிய ஒரு சோதினை. அப்பிடி ஒரு முகவரியே இல்லையெண்டா அனேகமா உடனயே Address not found எண்டு திரும்பி வரும், உள்ள 550 5.1.1 எண்டு ஒரு இலக்கமும் கிடக்கும். அப்பிடி வந்தா உங்கட நல்ல காலம், நேர ஜிமெயிலில போய் அந்தப் பிழையான பேரிலயே புது முகவரி ஒண்டை நீங்களே திறக்கப் பாக்கலாம், கிடைச்சா அடுத்த கோட் உங்கட கைக்கே வரும், பிறகு ஆறுதலா மாத்தலாம். ஆனா முந்தி ஒராள் வச்சிருந்து அழிச்ச பேர் எண்டா கூகுள் அதைத் திருப்பித் தராது. சைட் அனுப்பின மெயிலே திரும்பி வந்திருந்தாக்கூட அது சைட்டுக்குத்தான் போயிருக்கும், எங்களுக்குத் தெரியவராது, அதாலதான் நாங்களா அனுப்பிப் பாக்கவேணும். எங்கட மெயில் திரும்பி வரேல்ல. பத்து நிமிசம், அரை மணித்தியாலம் பாத்தம், வரேல்ல. அப்ப அங்க ஒராள் இருக்கு.

எனக்குக் கை கால் நடுங்கிச்சுது. காசை நினைச்சில்லை. ஓடர் தாற ஆக்களோட நான் கதைக்கிறது எல்லாம் அந்த சைட் மெயிலாவும் அனுப்பும், அதில என்ர முழுப்பேர், வீட்டு விலாசம், எவ்வளவு உழைச்சனான் எண்டது எல்லாம் கிடக்கு. ஒரு வாடிக்கையாளரிட்ட வேலை பிந்தினதுக்கு அம்மாவின்ர கண் வருத்தத்தை எல்லாம் எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தனான். அதை முன்பின் தெரியாத ஆரோ இருந்து வாசிச்சிருக்கினம் எண்டு நினைக்க உடம்பெல்லாம் கூசிச்சுது.

முதல் யோசினை பாஸ்வேர்டை மாத்திறது. அண்ணை சொன்னார் அது பாதுகாப்பில்லை எண்டு. அந்த ஆள் மறந்துவிட்டேன் எண்டதை அமத்தினா புது லிங்க் அந்த ஆளுக்குத்தான் போகும், என்ர பாஸ்வேர்ட் எவ்வளவு கஷ்டமானதா இருந்தாலும் ஒரு நிமிசத்தில மாத்தலாம். ஈமெயில் ஆரிட்ட இருக்கோ எக்கவுண்ட் அவரிட்ட. அதால முதல்ல ரெண்டு படிப் பாதுகாப்பைப் போட்டார், எஸ்எம்எஸ்ஸோ ஈமெயிலோ இல்லாம, போனில இருக்கிற ஒதென்டிகேட்டர் அப்பில வாற கோட். எங்கட சைட் அதைப் போட ஈமெயில் கோட் கேக்கேல்ல, பாஸ்வேர்ட் மட்டும் கேட்டுது. இனி அந்த ஆள் பாஸ்வேர்டை மாத்தினாலும் லொகின் பண்ணேக்க என்ர போன் கோட்டையும் கேக்கும். அவசரத்துக்கு எண்டு பத்து பக்அப் கோட் தந்துது, அதைக் கொப்பி ஒற்றையில எழுதி வச்சன்.

பிறகு ஈமெயிலை மாத்தப் போனா, இப்ப இருக்கிற ஈமெயிலுக்கு வந்த கோட்டை அடி எண்டுது. மஞ்சள் பட்டி இருக்கேக்க வந்திருந்தா அந்தக் கோட் இல்லாமலே மாத்தியிருக்கலாம், உறுதிப்படுத்தாத ஈமெயிலை மாத்த அவை தடுக்கிறேல்ல எண்டு அவையின்ர உதவிப் பக்கத்திலயே கிடந்துது. அந்த ஆள் லிங்கை அமத்தினதால அது உறுதியான ஈமெயில் ஆகிட்டுது, பூட்டும் விழுந்திட்டுது.

அப்ப நான் அந்த ஆளுக்கு எழுதி கோட்டைக் கேப்பம் எண்டன். அண்ணை வேண்டாம் எண்டார். "தெரியாத ஒராள் மெயில் போட்டு, உமக்கு வந்த கோட்டை அனுப்பும் எண்டா நீர் அனுப்புவீரோ?" எண்டு கேட்டார். அனுப்ப மாட்டன். களவு செய்யிறவையும் இப்பிடித்தான் கேக்கிறவை. நல்ல ஆள் எண்டா பயந்து ஸ்பாம் எண்டு அமத்தும், அல்லது மெயிலுக்கு அடியில கிடக்கிற இது நான் இல்லை எண்ட லிங்கை அமத்தி எக்கவுண்டையே மூடிவிடும். கூடாத ஆள் எண்டா இங்க காசு இருக்கு எண்டு நாங்களே காட்டிக் குடுத்ததாப் போகும். அதால கோட், காசு எண்ட கதையே இல்லாம, தமிழிலயும் இங்கிலீசிலயும் நாலு வரி எழுதினம். என்ர பேரும் உங்கட பேரும் கிட்டத்தட்ட ஒண்டு, ஒரு எழுத்துப் பிழையால என்ர மெயில் உங்களுக்கு வந்திருக்கு, தயவுசெய்து அதில இருக்கிற எந்த லிங்கையும் அமத்தாதேங்கோ, நான் சைட்டோட கதைச்சு மாத்திறன், உங்களிட்ட இருந்து எனக்கு ஒண்டும் தேவையில்லை.

சப்போர்ட்டுக்கு முதல் தரம் நான் என்ர சரியான ஜிமெயிலில இருந்து எழுதினன். பதிஞ்ச ஈமெயிலில இருந்து எழுதுங்கோ எண்டு ரெண்டு நாளில பதில். அந்த ஈமெயில்தான் என்ர இல்லை எண்டு திருப்பி எழுத, திருப்பியும் அதே பதில். அஞ்சு நாள் இப்பிடியே போட்டுது. பிறகுதான் வழி பிடிபட்டுது. எக்கவுண்டுக்க நிண்டுகொண்டு, அங்க இருக்கிற உதவிப் பக்கத்தால எழுதவேணும், அப்பத்தான் அந்த முறைப்பாடு எக்கவுண்டோட சேந்து போகும். அதிலயும் ஒரு குழி இருக்கு, அவை போடுற பதில் பதிஞ்ச ஈமெயிலுக்குத்தான் போகும். எனவே முதல் வரியிலயே, பதிலை ஈமெயிலுக்கு அனுப்பவேண்டாம், எக்கவுண்டுக்க இருக்கிற மெசேஜுக்கு அனுப்புங்கோ எண்டு போடவேணும். அதுக்குக் கீழ ஈமெயிலில எந்த எழுத்து பிழை, சரியானது என்ன, பதிஞ்ச மாசம், கடைசி மூண்டு ஓடர் நம்பர், மாசியில ஆளை உறுதிப்படுத்த நான் ஏத்தின அடையாள அட்டையின்ர அதே பேர்தான் பாங்க் புத்தகத்திலயும் இருக்கு எண்டதுக்குப் படம், இவ்வளவும்தான் போட்டன். அம்மாவின்ர ஒப்பரேசன் கதை எல்லாம் முதல் மெயிலுகளில எழுதினனான், அது அவைக்கு ஒண்டையும் நிரூபிக்கிறேல்ல. அடையாள அட்டைதான் என்னைக் காப்பாத்தினது, ஏனெண்டா அது அந்த மற்ற ஆளிட்ட இருக்காது.

இதுக்கிடையில இன்னொராள் சொன்னார் இதை விட்டிட்டு சரியான ஈமெயிலில புது எக்கவுண்ட் திற எண்டு. நான் அரைவாசி நிரப்பியும் போட்டன். அடையாள அட்டை கேக்கிற இடத்திலதான் விதியை வாசிச்சன், ஒராளுக்கு ஒரு எக்கவுண்ட்தான், ரெண்டு கண்டா ரெண்டையும் மூடுவினம். பழசில காசு கிடக்கேக்க இதைச் செய்யாதேங்கோ.

எல்லாமா 19 நாள். சித்திரை வருசம் வந்து போட்டுது, அம்மாவின்ர திகதியையும் தள்ளினம். விசாரணை நடக்கேக்க எக்கவுண்டைப் பூட்டி வச்சதால 65 டொலர் கலியாணக் கார்ட் ஓடர் ஒண்டு கைவிட்டுப் போட்டுது, அந்தப் பிள்ளைக்கு கலியாணத் திகதி நெருங்கிட்டுது, குறை சொல்ல ஏலாது. கிளிநொச்சிக்கு மூண்டு தரம் போய் வந்தன். கடைசியில 214 டொலரும் கழிவு போக வந்து சேந்துது, சரியான ஈமெயிலுக்கு முதல் மெயில் வந்த அண்டைக்கு நான் அடுப்படியில நிண்டு அழுதிட்டன்.

அந்த ஆளிட்ட இருந்தும் ஒரு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. வெளிநாட்டில இருக்கிற ஒரு வயசான அம்மா. தன்ர மகன்தான் தனக்கு ஏதோ பதிஞ்சு விட்டிருக்கிறான் எண்டு நினைச்சு லிங்கை அமத்தினவாவாம், பிறகு வந்ததுகளை இங்கிலீசில கிடந்தபடியா அரைவாசி விளங்காம விட்டிட்டாவாம். அம்மாவுக்குக் கண் எப்பிடி எண்டும் கேட்டிருந்தா. அதை வாசிக்கேக்க வெக்கமும் வந்தது, ஒரு ஆறுதலும் வந்தது.

பிழை எங்கால வந்தது எண்டும் தேடினன். நான் முந்தி எப்பவோ ஒருக்கா h விட்டு அடிச்சிருக்கிறன், பிரவுசர் அதை ஞாபகம் வச்சு, முதல் மூண்டு எழுத்து அடிச்சோடன தானா எடுத்துத் தந்திருக்கு, நான் பாக்காம என்டரை அமத்தியிருக்கிறன். அப்பிடியெண்டா இது ஒரு இடத்தோட நிண்டிருக்காது. குரோமில பாஸ்வேர்ட் சேவ் ஆகி இருக்கிற பக்கத்துக்குப் போய் அந்தப் பிழையான பேரைத் தேடினன், இன்னும் ரெண்டு சைட் வந்துது, ரெண்டுக்கையும் இருந்துகொண்டே ஈமெயிலை மாத்தினன், ஒண்டு அஞ்சு நிமிசம்கூட எடுக்கேல்ல. பிறகு குரோம் செட்டிங்ஸில விலாசங்கள் சேவ் ஆகிற இடத்தில இருந்தும் அழிச்சன். போனில கீபோர்ட் அந்தப் பிழையான முகவரியைக் காட்டேக்க அதை அமத்திப் பிடிச்சு மேல வாற குப்பைத் தொட்டிக்கு இழுத்துவிட்டன். இப்ப எங்க பதிஞ்சாலும் முகவரியை அடிக்கிறேல்ல, எனக்கு வந்த ஒரு மெயிலின்ர மேல்பக்கத்தில இருந்து கொப்பி பண்ணித்தான் போடுறன், உறுதி மெயில் வந்து லிங்கை அமத்தும் வரைக்கும் அந்த சைட்டில ப்ரொபைல் படம்கூட ஏத்திறேல்ல.

போன கிழமை அந்த அம்மாட்ட இருந்து திருப்பி ஒரு மெயில். "பிள்ளை, ஏதோ ஒன்லைன் வகுப்பாம், உம்மட பேரில எனக்கு வந்திருக்கு, நான் ஒண்டையும் அமத்தேல்ல" எண்டு ஸ்கிரீன்சொட்டோட அனுப்பியிருந்தா. ரெண்டு வருசத்துக்கு முதல் பழைய போனில பதிஞ்சது, அதில பாஸ்வேர்ட் சேவ் ஆகி இருக்கேல்ல, அதாலதான் என்ர தேடலில அம்பிடேல்ல. இண்டைக்குப் பின்னேரம் அந்தப் பழைய போனைச் சார்ஜில போட்டு வச்சிருக்கிறன், உள்ள இன்னும் லொகின் ஆகி இருக்கோ எண்டு பாக்கவேணும்.